வங்கிக் கிளையில் பெருந்தொகை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் வியாபாரத்தில் புதிதாக இறங்கும் இளைஞர்கள், ஓய்வுபெற்ற காசாளரான என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. நான் கவுண்டருக்குள் இருந்த காலத்தில் பார்த்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். பாஸ்புக்கை மறந்து வருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தொகையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது

ஒவ்வொரு கிளைக்கும் இரவில் இவ்வளவு ரொக்கம்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு உண்டு. மிஞ்சுவது, கரன்சி செஸ்ட் என்னும் பெரிய பணக் கிடங்கு உள்ள கிளைக்குப் போய்விடும். ஆகவே சிற்றூர்க் கிளையில் 6 லட்சம் வேண்டுமென்றால் முந்தைய வேலை நாள் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். இதைப் பலரும் செய்கிறார்கள். எந்த நோட்டு வேண்டும் என்பதைத்தான் சொல்வதில்லை. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்.

வியாபாரி ஒருவர் அப்படித்தான் 6 லட்சம் கேட்டிருந்தார். கிளையும் 500 ரூபாய் நோட்டாக, நூறு தாள் கொண்ட 12 கட்டுகளை வரவழைத்து வைத்திருந்தது. வெட்டுக்கூலிக்கும் சுமைக்கூலிக்கும் ஒரு லட்சம் ரூபாய் நூறு ரூபாய்த் தாளாக, அதாவது 10 கட்டாக வேண்டும் என்பதைக் கவுண்டருக்கு வந்த பிறகே சொன்னார். "அண்ணாச்சி, நேத்தே சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்போம்லா" என்றேன். அவர் 500 ரூபாய்க் கட்டுகளை வாங்கிக்கொண்டு, கடைத்தெருவில் கடை கடையாகச் சில்லறை மாற்றினார். ஒவ்வொரு கடையிலும் பையைத் திறந்ததால், அவரிடம் பெருந்தொகை இருப்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. பையை வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடைசிக் கடைக்குள் போய்த் திரும்புவதற்குள் யாரோ பெட்டியை நெம்பிப் பையை எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆகவே தலைமைக் காசாளரிடமோ மேலாளரிடமோ நேரில் கணக்கு எண், தொகை, எந்த நோட்டில் எத்தனை கட்டு, பணம் வாங்க வருபவர் யார் என்ற நான்கையும் சொல்லி, செஸ்ட்டிலிருந்து பணம் எப்போது வந்து சேரும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் காசோலையுடன் மகனை அனுப்புவது

தொகை பெரியதென்றால், காசோலை கொண்டு வருபவரின் ஆதார் போன்ற அசல் அடையாள அட்டையைக் கிளையில் கேட்பார்கள். கணக்கில் பதிவான கைப்பேசி எண்ணில் கணக்குதாரரையும் அழைத்து உறுதிசெய்வார்கள். அந்த எண் பழையதாக இருந்தாலோ, வயதின் நடுக்கத்தால் கையெழுத்து மாறியிருந்தாலோ பணம் கிடைக்காது. இரண்டையும் முன்னதாகவே கிளையில் புதுப்பித்துவிட வேண்டும்.

கவுண்டரை விட்டு நகர்ந்த பிறகு எண்ணுவது

அதன்பின் சொல்லும் குறைவை யாரும் ஏற்க மாட்டார்கள்.

தனியாக எடுத்துச் செல்வது

ஒருவர் வண்டியோட்ட, மற்றவர் பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கோ தோட்டத்துக்கோ போக வேண்டும். "உங்க பணம் கீழே கிடக்கு", "சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கு" என்று யாராவது சொன்னால் குனியவும் கூடாது, பையைக் கீழே வைக்கவும் கூடாது.

தேர்தல் காலத்தில் சீட்டில்லாமல் செல்வது

நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது, 50,000 ரூபாய்க்கு மேல் உரிய ஆவணமின்றி எடுத்துச் சென்றால் பறக்கும் படையினர் பறிமுதல் செய்வார்கள். அன்றைய வரவு செலவு பதிந்த பாஸ்புக்கையும், பணம் யாருக்குப் போகிறது என்பதைக் காட்டும் கொள்முதல் சீட்டையும் பணத்துடனேயே வைத்திருக்க வேண்டும்.