பிசின் கசிந்த தேனீப் பெட்டி: என் அனுபவம்

முதல் தேனீப் பெட்டிக்குச் சரியாக உலராத பைன் பலகையை எடுத்ததோடு, ஈரம் ஏறக்கூடாது என்றெண்ணி உள்ளும் புறமும் எண்ணெய் சார்ந்த எனாமல் பூசியது என் தவறு. குடியேற்றிய மூன்றாம் நாளே கூட்டம் வெளியேறிவிட்டது. மூடியைத் திறந்ததும் கரைப்பான் நெடி முகத்தில் அடித்தது; வெயில் படும் பக்கத்தில், மரக்கணுவின் மேல் கொப்புளித்திருந்த பூச்சைக் குத்தியதும் தேன் நிறப் பிசின் விரலில் ஒட்டியது.

அதைச் சுரண்டிச் சீர்செய்ய நான் முயலவில்லை. மரத்தில் இறங்கிய நெடி எளிதில் போகாது. நன்கு உலர்ந்த, கணுவற்ற, மணம் வீசாத பலகையில் வேறொன்று செய்தேன். (இப்போதெல்லாம் ஒரு துண்டை ஒரு நாள் வெயிலில் வைத்து, தொட்டால் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே பலகை வாங்குகிறேன்.) உள்ளே எழும் ஈரத்தை வெறும் மரம் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் உட்புறத்தில் எதுவும் பூசவில்லை. வெளிப்புறத்தில் மட்டும், பூஞ்சைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ கலக்காத நீர் சார்ந்த அக்ரிலிக் வண்ணத்தை வெளிர் நிறத்தில் இரண்டு முறை பூசினேன். நீரை அதிகம் குடிக்கும் பலகை முனைகளுக்கு மட்டும் மூன்றாவது பூச்சு. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் விளிம்புகளில் பூசினால் அவை ஒட்டிக்கொள்ளும் என்பதால் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் நிழலில் காற்றாட வைத்து, ஓரிரவு மூடி, காலையில் முகர்ந்தேன். மர வாசனை மட்டுமே இருந்தது. அன்று மாலையே புதிய கூட்டத்தைக் குடியேற்றினேன். இம்முறை அது தங்கி அடை கட்டியது.