வீடு பார்க்க வரச்சொல்லி அனுப்பும் மெசேஜில் நடக்கும் தவறுகள்

"நாளைக்கு சாயங்காலம் வாங்க. லொகேஷன் அனுப்புறேன். சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கு."

காலி ஃபிளாட்டைக் காட்ட உரிமையாளர்கள் பலரும் அனுப்புவது இப்படித்தான். இதை ராத்திரி 11 மணிக்கு அனுப்பி, வீடு பார்க்க வருபவர் மறுநாள் காலையில் படித்தால் 'நாளை' என்பது எந்த நாள்? கிழமை, தேதி, மணி மூன்றையும் எழுதிவிடுங்கள். சாயங்காலம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலி வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தால், இருட்டிய பிறகு வருபவர் செல்போன் வெளிச்சத்தில்தான் சுவரைப் பார்ப்பார். தண்ணீர் வால்வையும் மூடி வைத்திருப்போம். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, தண்ணீரே வராத வீடு என்று நினைத்துக்கொண்டு போவார்.

அடுத்தது லொகேஷன். பெரிய குடியிருப்பில் மேப் புள்ளி பெரும்பாலும் வளாகத்தின் நடுவில் விழும். அது காட்டும் வழியில் போனால் பூட்டியிருக்கும் பின் கேட்டில் கொண்டுபோய் விடலாம். எந்த கேட், எந்த பிளாக், கதவு எண் என்ன என்று சொல்லுங்கள். 'மூன்றாவது மாடி' மட்டும் போதாது. தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணுபவர்கள் இருக்கிறார்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு சாவி விஷயத்தில்தான். வீடு காலி, முகவரி இது, சாவி இங்கே இருக்கிறது, மூன்றும் ஒரே மெசேஜில்! அது யாருக்கு ஃபார்வர்ட் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. செக்யூரிட்டியிடமே கொடுத்தாலும், ஷிப்ட் மாறி வந்தவருக்கு விவரம் தெரியாமல் போகலாம். யாராவது ஒருவர் நேரில் வந்து திறப்பதுதான் நல்லது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"சனிக்கிழமை, 14-ஆம் தேதி மாலை 4 மணிக்கு வீட்டைப் பார்க்கலாம். 4:30-க்கு வேறொருவர் வருகிறார். மெயின் கேட்டில் 'பி பிளாக், 304' என்று சொல்லுங்கள், உங்கள் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். கதவைத் திறக்க என் தம்பி இருப்பார். அவர் நம்பரை அன்று காலையில் அனுப்புகிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் சொல்லிவிடுங்கள்."

4:30 மணி வரியைச் சிலர் மிரட்டல் போல நினைத்துத் தவிர்க்கிறார்கள். தேவையில்லை, அடுத்தவர் நிஜமாகவே வருகிறார் என்றால். அதைச் சொல்லாமல் விட்டால் இரண்டு குடும்பமும் வாசலில் ஒன்றாக நிற்கும். வெள்ளி இரவு வரை பதில் இல்லையென்றால் ஒரு தடவை போன் செய்யுங்கள், சும்மா தம்பியை அலைய விடாதீர்கள்.

வீட்டில் இன்னும் பழைய குடித்தனக்காரர் இருக்கிறாரா? அப்படியானால் முதலில் அவரிடம் நேரம் கேட்டுவிட்டுத்தான் இந்த மெசேஜையே அனுப்ப வேண்டும். காலி வீட்டைத் திறக்க ஆள் கிடைக்காமல், வேறு வழியில்லாமல் நம்பர் பூட்டு வைத்து, வருபவரே திறந்துகொள்ளட்டும் என்று விட்டிருந்தால், நம்பரை அவர் கேட்டுக்கு வந்த பிறகு போனில் சொல்லுங்கள். அவர் கிளம்பியதும் மாற்றிவிடுங்கள்.