புடவையின் நிறம் படத்திலிருந்து மாறுபடும்போது: வாங்குபவருக்கு எழுதுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"படத்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் நிறம் சற்று மாறுபடலாம்" என்ற பொதுவான வரியை மட்டும் அனுப்பிவிட்டு விளக்கம் சொல்லியாயிற்று என்று நினைப்பதுதான் ஆன்லைனில் பட்டுப்புடவை விற்பவர்கள் செய்யும் முதல் தவறு. எந்த நிறம், எந்தப் பக்கம், எவ்வளவு மாறுகிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை.

மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்துக்கொள்வோம். அதில் பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் இருப்பதால், ஒளி விழும் கோணத்துக்கு ஏற்ப நீலமோ பச்சையோ மேலெழுந்து தெரியும். ஆனால் நேராக விரித்து எடுத்த படம் ஒரே கோணத்தை மட்டும் காட்டுகிறது. மேலும், ஒரே நிறம் படம் முழுவதையும் நிறைக்கும்போது செல்பேசிக் கேமரா அதை விளக்கொளியின் சாயல் என்று எடுத்துக்கொண்டு, தானாகவே நிறத்தைத் திருத்திவிடுவதும் உண்டு. ஆகவே "உங்கள் செல்பேசித் திரைதான் காரணம்" என்று எழுதுவது பெரும்பாலும் பாதி உண்மைதான். அதோடு, பழியை வாங்குபவர் மீது போடுவதாகவும் ஆகிவிடும்.

அடுத்த தவறு, விளக்கத்துடன் அதே படத்தை வெளிச்சம் கூட்டித் திருத்தி மறுபடியும் அனுப்புவது. பகலில், நேர்வெயில் படாத ஜன்னலருகே, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, புடவையை மடித்தும் விரித்தும் சிறிய வீடியோ எடுத்தால் போதும். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்த வீடியோவையும் நம்ப முடியாது. மறுபடியும் எடுக்க வேண்டும்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படித்தான் எழுதுவேன்:

"வணக்கம் மேடம். நீங்கள் கேட்ட மயில்கழுத்துப் புடவையை இன்று பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். படத்தில் தெரிவதைவிட நேரில் பச்சை சற்றுக் கூடுதலாக இருக்கிறது. உடல் பகுதியில் நீலமாகத் தெரிந்தாலும் கொசுவத்தில் பச்சை எடுத்துக் காட்டும். எங்கள் படத்தில் இது சரியாக வரவில்லை; மன்னிக்கவும். ஜன்னலருகே எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறேன். இதையே அனுப்பலாமா, முழு நீலத்தில் உள்ள வேறு புடவையைக் காட்டட்டுமா, அல்லது பணத்தைத் திருப்பித் தரட்டுமா? உங்கள் பதில் வரும்வரை பார்சலை அனுப்பாமல் வைத்திருப்பேன்."

கடைசி வரியை விட்டுவிடுபவர்கள் பலர். பார்சல் கிளம்பிய பிறகு வரும் விளக்கம் வாங்குபவருக்குச் சாக்காகவே தோன்றும்.

புடவை ஏற்கனவே கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதென்றால், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், ஃபால்ஸ் தைத்த பிறகு மாற்ற முடியுமா என்பவற்றையும் அதே செய்தியில் எழுதிவிட வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரி இங்கே செல்லாது. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. படத்தின் பிழை நம்முடையது என்பதால், திரும்ப அனுப்பும் செலவை நாமே ஏற்பதுதான் முறை என்பது என் கருத்து.