கணக்கை மூடுவதற்கு முன் பதிவை நீக்குங்கள் (நான் தலைகீழாகச் செய்தேன்)

அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஒபிசுக்கு, தொழிலாளரின் வரவையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் கணக்குப் போடும் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கொழுந்துக் கிலோவைப் பார்த்து முழுநாள் சம்பளமான முழுப் பேரா, அரைநாள் சம்பளமான அரைப் பேரா என்று பிரிக்கும் இடத்தில் உதைத்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி போட்டேன், மாதிரிக்கு ஆறு வரியையும் ஒட்டினேன். மாதிரியாவது ஒன்றாவது! ஆறு பேரின் உண்மைப் பெயரும் ஈபிஎஃப் இலக்கமும் அப்படியே இருந்தன.

வருஷங்கள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. பதறிப்போய்க் கணக்கையே மூடினேன். பிறகு பார்த்தால் கேள்வி அசையாமல் இருக்கிறது. என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் user என்றும் ஒரு நீள எண்ணும். அதாவது என் பெயர் போய்விட்டது, அந்த ஆறு பேரின் பெயர் போகவில்லை. அங்கே எழுதுவதை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில்தான் நாம் போடுகிறோம், அதனால் ஆள் போனாலும் எழுத்து நிற்கும். கணக்கு போனதும் Delete பொத்தானும் கையை விட்டுப் போகும். புதுக் கணக்கு திறந்தாலும் பழைய பதிவு உங்களுடையதாகாது.

அப்புறம் கண்டியில் வேலை செய்யும் தம்பியின் கணக்கை ஒழுங்கான வரிசையில் செய்து பார்த்தேன். அதைத்தான் கீழே சொல்கிறேன். போனில் செய்யாதீர்கள், மடிக்கணினியில் செய்யுங்கள். உள்நுழைந்தபின் தேடல் பெட்டியில் இவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள்:

```
user:me is:question
user:me is:answer
user:me is:answer isaccepted:yes
```

வரும் இணைப்புகளை ஒரு நோட்பேடில் ஒட்டி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியில் அழித்துத் தருகிறோம் என்று கடவுச்சொல் கேட்கும் கருவிகளை நான் தொடுவதில்லை.

தம்பிக்கு ஒன்பது பதில், நான்கு கேள்வி. பதில்களில் இரண்டை, கேட்டவர் சரியான பதில் என்று பச்சைக் குறி போட்டு ஏற்றிருந்தார். அப்படி ஏற்ற பதிலை எழுதியவரே நீக்க முடியாது. மிச்சம் ஏழுக்கும் கீழே Delete வேலை செய்தது.

என்னை முழுசாகக் குழப்பியது கேள்விகள்தான். பதிலே வராத கேள்வியை நீக்கலாம். ஒரே ஒரு பதில் வந்து, அதற்கு ஆதரவு வாக்கும் விழாமல், அதை ஏற்கவும் இல்லாமல் இருந்தாலும் நீக்கலாம். ஆதரவு வாக்கு விழுந்திருந்தாலோ, பல பதில் வந்திருந்தாலோ முடியாது. இன்னொருவர் மினக்கெட்டு எழுதியது உங்கள் கேள்வியோடு சேர்ந்து போய்விடும் என்பதுதான் காரணம். தம்பியின் நான்கில் இரண்டுதான் நீங்கின. ஆக மொத்தம் ஒன்பது. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் விடமாட்டார்கள், அதனால் இரண்டு நாள் பிடித்தது.

நீங்காததை என்ன செய்வது? பலர் Edit-ஐத் தட்டி முழுவதையும் அழித்து, புள்ளி வைத்துச் சேமிப்பார்கள். செய்யாதீர்கள். அதை நாசவேலை என்று எடுத்துப் பழையபடி மீட்டுவிடுவார்கள், கணக்கும் இடைநிறுத்தப்படலாம். தனிப்பட்ட விபரத்தை மட்டும் மாற்றுங்கள். பெயருக்குப் பதில் “தொழிலாளி 1”, இலக்கத்துக்குப் பதில் 0001. கேள்வி கேள்வியாகவே நிற்கும், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் அதோடு வேலை முடியவில்லை. திருத்த வரலாற்றைத் திறந்தால் பழைய பெயர்கள் சிவப்பில் பளிச்சென்று தெரியும். எனவே Flag-ஐத் தட்டி, in need of moderator intervention என்பதைத் தெரிவுசெய்து, எந்தத் திருத்தத்தில் எந்த வரி என்று எழுதி, வரலாற்றிலிருந்தும் மறைக்கச் சொல்லுங்கள். Flag போட 15 மதிப்புப் புள்ளி வேண்டும். புள்ளி இல்லாதவரும், என்னைப்போலக் கணக்கையே தொலைத்தவரும் தளத்தின் தொடர்புப் படிவத்தில் எழுத வேண்டியதுதான். நான் பழைய மின்னஞ்சலிலிருந்தே எழுதினேன், இணைப்பையும் வரியையும் குறிப்பிட்டேன், வேலை நடந்தது.

தம்பியின் இரண்டு பதிலும் இரண்டு கேள்வியும் மிஞ்சின. அதே படிவத்தில் அந்த நான்கிலிருந்தும் பெயரைப் பிரித்துவிடக் கேட்டோம். இதைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். பிரித்த பதிவு உங்கள் கையில் இராது, பிறகு ஒரு எழுத்துக்கூட உங்கள் பதிவாகத் திருத்த முடியாது. எல்லாம் முடிந்தபிறகு Settings-இல் Delete profile.

பின்சேர்க்கை: நீக்கிய பதிவும் முழுசாக மறையாது, 10,000 புள்ளி உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம் என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். அதனால் ஈபிஎஃப் இலக்கம் மாதிரி விபரம் இருந்தால், நீக்க முடிகிற பதிவிலும் முதலில் திருத்தி மறைக்கச் சொல்லிவிட்டு, பிறகு நீக்குங்கள்.

இன்னொன்று. கணக்கு மூடிய பிறகும் அடுத்தவர் எழுதிய கருத்துகளில் @ போட்டு உங்கள் பெயர் இருக்கும், அது தானாக மாறாது. தம்பியின் பெயர் அப்படி மூன்று இடத்தில் கிடந்தது, எல்லாம் வெறும் நன்றி சொன்ன வரிகள். என் புதுக் கணக்கில் 15 புள்ளி சேர்ந்ததும், இனித் தேவையில்லை என்று ஒவ்வொன்றுக்கும் Flag போட்டேன். இரண்டு போய்விட்டது, ஒன்று இன்னும் இருக்கிறது.