பில்லில் 'எஸ்.சி. 10%': சின்ன ஓட்டல்கள் செய்யும் தவறுகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன அசைவ ஓட்டலில் நான்கு பேர் சாப்பிட்டோம். கறி தோசை, சுக்கா, பரோட்டா எல்லாம் சேர்த்து 800 ரூபாய். பில்லோ 924. நடுவில் 'எஸ்.சி. 10%' என்று, அதாவது சர்வீஸ் சார்ஜாக, 80 ரூபாய் ஏறியிருந்தது. அதையும் சேர்த்து 880-க்கு 5% ஜிஎஸ்டி போட்டதில் 44 ரூபாய் வரி. சரியான பில் 800-ம் 40-ம் சேர்ந்து 840 தான். கூடுதலாகப் போன 84 ரூபாயில் 4 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் மேல் விழுந்த வரி.

கேட்டால், "போர்டில் எழுதியிருக்கோமே சார்" என்றார்கள். பலரும் நம்பும் தவறு இது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கவே கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. அதைச் சேர்த்து ஜிஎஸ்டி போடவும் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் இந்த நெறிமுறை செல்லும் என்றது. ஆகவே போர்டு வைப்பதும், 'ஸ்டாஃப் நலநிதி' என்று பெயர் மாற்றுவதும் காப்பாற்றாது. வாடிக்கையாளர் 1915-க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். சம்பளச் செலவு கையைக் கடித்தால் மெனு கார்டில் விலையை ஏற்றுங்கள். 180 ரூபாய் கறி தோசை 195 ஆனால், உட்காரும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

பல இடங்களில் முதலாளிக்கே தெரியாமல் இது நடக்கிறது. பில்லிங் மென்பொருளின் செட்டிங்கில் சர்வீஸ் சார்ஜ் ஆன் ஆகியிருக்கும். அதை அணைத்துவிட்டு 100 ரூபாய்க்கு ஒரு சோதனை பில் அடித்துப் பாருங்கள். 105 வந்தால் சரி. 115.50 வந்தால் 10% இன்னும் உள்ளே இருக்கிறது.

டிப்ஸ் பற்றி பில்லில் மொத்தத் தொகைக்குக் கீழே, தனியாக ஒரு வாசகம் போதும்: 'டிப்ஸ் உங்கள் விருப்பம். இந்த பில்லில் சேர்க்கப்படவில்லை.' காலியாக விட்ட கட்டமோ சதவீதமோ வேண்டாம், அது கை நீட்டுவது போல் ஆகிவிடும்.

அப்புறம் ஜிபே சிக்கல். 840 பில்லுக்கு ஒருவர் 900 அனுப்புகிறார். அந்த 60 சர்வருக்கு அவர் மனதாரக் கொடுத்தது. பில்லை 900 ஆக மாற்றி அடித்தால் அது விற்பனையாகிவிடும், வரியும் ஏறும், கொடுத்தவர் நினைத்த ஆளுக்கும் போய்ச் சேராது. பில் 840-ஆகவே இருக்கட்டும். கல்லாவில் ஒரு டிப்ஸ் நோட்டு வைத்து தேதி, பில் எண், 60 என்று எழுதி, கடை சாத்தும் முன் கல்லாவிலிருந்து ரொக்கமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பரோட்டா மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும் பங்கு உண்டா, எவ்வளவு என்பதை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.