எல்எல்ஆர் தேர்வில் காலை வாரிய பலகைகள்

எல்எல்ஆர் தேர்வில் தோற்ற நண்பனை சேலம் ஐந்து ரோட்டில் ஒரு டீக்கடையில் பார்த்தேன்.

"ரோடு சைன் கேள்விகள்லதான்டா போச்சு."

"படத்தை மனப்பாடம் பண்ணாதே, முதல்ல வடிவத்தைப் பார்" என்றேன். எனக்குக் கைகொடுத்தது அதுதான். சிவப்பு ஓர முக்கோணம் எச்சரிக்கை. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுப் பலகை அந்த வகை. நீலச் செவ்வகம் தகவல். வட்டம் என்றால் கட்டளை, மீறக்கூடாது.

"நீல வட்டத்துல சிவப்புக் கோடு வருதே?"

அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். "ஒரு கோடுன்னா பார்க்கிங் கூடாது, ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கோடுன்னா நிற்கவே கூடாது."

"சரி, குறுகலான மலைப்பாதையில யாருக்கு வழி?"

"ஏறுற வண்டிக்கு."

"அடப்பாவி, நான் இறங்குறதுன்னு போட்டேன்!"