ஒரு டி-ஷர்ட் ஹெம்மிங்குக்கு எத்தனை நொடி? ஸ்டாண்டர்ட் டைம் கணக்கிடும் முறை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டி-ஷர்ட்டின் அடிப்பகுதியை பிளாட்லாக் மெஷினில் மடித்துத் தைக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஸ்டாப்வாட்ச்சை இப்போதே எடுக்காதீர்கள். முதலில் மெத்தட் ஸ்டடி. வேலை செய்யும் விதம் சரியில்லாதபோது நேரம் எடுத்தால், வீணாகும் நொடிகளும் ஸ்டாண்டர்டுக்குள் போய்விடும்.

1. டெய்லர் அக்காவிடம் எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று கைகளை மட்டும் கவனியுங்கள். இங்கே நான் கண்டது இரண்டு விஷயம். பண்டில் தரையில் இருந்ததால் ஒவ்வொரு பீஸுக்கும் அவர் குனிந்தார். தைத்து முடித்ததும் நூலை வெட்ட ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலைத் தேடினார்.

2. பண்டிலை இடது கைப்பக்கம் மேஜை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில் வைத்தோம். ஹெம் ஓரம் அவரைப் பார்த்தபடி அடுக்கினோம். கத்தரிக்கோலுக்கு நிலையான இடம் ஒன்று வைத்தோம். புது முறை கைக்குப் பழகும்வரை நேரம் எடுக்கவில்லை. பழகாத கையின் நேரம் யாருக்கும் பயன்படாது.

3. இனி டைம் ஸ்டடி. பீஸை எடுக்கும் கணத்தில் தொடங்கி, அடுத்த பீஸை எடுக்கும் கணம்வரை ஒரு சுற்று. பத்துச் சுற்றுகள், நொடியில்:

```
31 29 30 32 30 58 29 31 30 28
```

அந்த 58-இல் நூல் அறுந்தது. அதைக் காரணத்தோடு குறித்து, சராசரியிலிருந்து நீக்குங்கள். நூல் அறுவதற்குக் கடைசியில் கூட்டும் அலவன்ஸில் இடம் இருக்கிறது. காரணம் தெரியாமல் "அதிகமாக இருக்கிறதே" என்று எதையும் நீக்கக் கூடாது. மீதி ஒன்பதின் கூட்டல் 270, சராசரி 30 நொடி.

4. வேலை செய்பவரின் வேகத்துக்கு மதிப்பு போடும் ரேட்டிங்தான் கடினமான இடம். பழகிய ஒருவர் நாள் முழுக்கத் தாங்கக்கூடிய வேகம் 100. சமதளத்தில் மணிக்குச் சுமார் 6.4 கிலோமீட்டர் நடப்பதை அதற்கு அளவாகச் சொல்வார்கள். நாம் பார்த்தவர் அதைவிடச் சற்று மெதுவாகச் செய்தார், எனவே 90. இதை வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். சராசரியைப் பார்த்தபின் எழுதினால், நமக்குப் பிடித்த விடைக்கு ஏற்ப ரேட்டிங் வளையும்.

5. அலவன்ஸ்: தண்ணீர் குடிப்பது, களைப்பு, நூல் அறுவது, நூல் கோன் மாற்றுவது எல்லாம் சேர்த்து இங்கே 15 சதவீதம் வைத்தோம். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உங்கள் மெஷின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சில நாள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

```
நார்மல் டைம்     = 30 × 90/100 = 27 நொடி
ஸ்டாண்டர்ட் டைம் = 27 × 1.15   = 31.05 நொடி
```

ஒரு மணி நேரத்துக்கு 3600 ÷ 31.05, அதாவது சுமார் 116 பீஸ். அலவன்ஸை நார்மல் டைமின் சதவீதமாக எடுத்ததால்தான் 1.15-ஆல் பெருக்கினோம். சில கம்பெனிகளில் ஷிப்ட் நேரத்தின் 15 சதவீதம் என்பார்கள். அங்கே 27-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும், 31.76 நொடி வரும், மணிக்கு 113 பீஸ்தான். டார்கெட் போர்டில் எண்ணை எழுதுவதற்கு முன், எந்த 15 என்று கேட்டுவிடுங்கள்.